சம்மதம் சொன்ன வேலையை மறுப்பது: எப்போது, யாரிடம், எந்த வார்த்தைகளில்

“9 நாட்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டருக்குச் சம்மதம் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். வேலையில் சேர இன்னும் 18 நாள் இருக்கிறது. இதற்கிடையில், முன்பே நேர்காணலுக்குப் போய்வந்த வேறோர் இடத்திலிருந்து இதைவிட நல்ல வேலை கிடைத்து, நேற்று அதை ஏற்றுக்கொண்டேன். முதல் நிறுவனத்து ரெக்ரூட்டர் எனக்காக நிறையப் பாடுபட்டவர். அவர் மனம் கசக்காமல் எப்படி மறுப்பது? மின்னஞ்சல் போதுமா, போன் செய்ய வேண்டுமா?”

இன்றைக்கே போன் செய்யுங்கள். பேசி முடித்த அரை மணி நேரத்துக்குள் மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். போனை எடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஏன் இன்றைக்கே என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம், ஆள் எடுக்கும் வேலையில் உட்கார்ந்திருந்தவன். மறுப்பு என்பது அங்கே வாராவாரம் வரும் சங்கதி. யாரும் அதற்காகப் பல்லைக் கடிப்பதில்லை. பல்லைக் கடிக்க வைப்பது தாமதம். காரணம் இதுதான்: இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு ஆஃபர் போகிறது. அவர் சம்மதித்த மறுநிமிடமே இரண்டாமவருக்கு “இல்லை” என்று யாரும் எழுதுவதில்லை. “உள்ளே இன்னும் சில ஒப்புதல்கள் பாக்கி, ஒரு வாரம் பொறுங்கள்” என்று சொல்லி அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்போம். அந்த ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் அவரே வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார், அல்லது எங்களுக்கே மனம் உறுத்தி மறுப்பை அனுப்பிவிடுவோம். இரண்டாமவர் கையில் இருக்கும்வரை உங்கள் மறுப்பு ஒரு சின்னச் சங்கடம். அவர் போய்விட்ட பிறகு அதே மறுப்பு, விளம்பரத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டிய வேலை. நீங்கள் என்ன வார்த்தையில் சொல்கிறீர்கள் என்பதைவிட இந்த இரண்டில் எந்தப் பக்கத்தில் சொல்கிறீர்கள் என்பதுதான் ரெக்ரூட்டரின் நினைவில் நிற்கும்.

என் அனுபவத்தில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு திங்கட்கிழமை சம்மதம் சொன்னார். அடுத்த வாரம் புதன்கிழமை காலை 10 மணிக்குப் போன் செய்து, வேறு இடத்தை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். இரண்டாமவருக்கு அன்று மாலை அனுப்புவதற்காக எழுதிவைத்த மறுப்புக் கடிதம் அப்போது என் கணினியில் பாதியில் திறந்து கிடந்தது. அதை அழித்துவிட்டு அவரையே கூப்பிட்டேன். அதே மாதத்தில் அவர் வந்து சேர்ந்தார். மறுத்தவரைப் பற்றி என் மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான்: “எப்போது சொன்னார்?” 3 ஆண்டுகள் கழித்து வேறொரு பதவி காலியானபோது நானே அவரைத் தேடிக் கூப்பிட்டேன்.

இன்னொருவர், சேர வேண்டிய நாளில் வரவில்லை. காலை முழுக்கப் போனை எடுக்கவில்லை. பதினொன்றரை மணிக்கு ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது: “தவிர்க்க முடியாத காரணங்களால் சேர இயலவில்லை.” அவருடைய புகைப்படம் அச்சிட்ட அடையாள அட்டை என் மேசை இழுப்பறையில் வெகுநாள் கிடந்தது. தூக்கிப் போடவும் கை வரவில்லை. இரண்டாமவர் அதற்குள் வேறிடத்தில் சேர்ந்திருந்தார். விண்ணப்பங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. ஒரு பெயரை மூடும்போது அது காரணம் கேட்கும். “ஆஃபரை மறுத்தார்”, “ஏற்ற பின் விலகினார்”, “சேரும் நாளில் வரவில்லை” என்று நாங்கள் வைத்திருந்த பட்டியலில் முதல் இரண்டையும் அடுத்த முறை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவதைத் தாண்டி யாரும் அவருடைய விண்ணப்பத்தைத் திறப்பதில்லை.

நீங்கள் இருப்பது இரண்டாவது வரியில். 9 நாள்தான் ஆகிறது என்பதால் நிலைமை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போது, போனுக்கு முன் சரிபார்க்க வேண்டியது. இரண்டாவது வேலை உண்மையிலேயே உறுதியானதா? “ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் வாய்வார்த்தையாகவா, அல்லது பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்கும் கடிதத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டீர்களா? வாய்வார்த்தைதான் என்றால் கடிதம் வரும்வரை பொறுங்கள். ஆனால் சும்மா பொறுக்காதீர்கள். “மற்றோர் இடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, கடிதம் நாளைக்குள் கிடைக்குமா?” என்று புதிய இடத்தில் வெளிப்படையாகவே கேளுங்கள். அது நியாயமான கேள்வி, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடிதத்தில் “பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது” என்று ஒரு வாசகம் இருக்கலாம். உங்கள் சான்றிதழ்களும் பழைய வேலைத் தேதிகளும் விண்ணப்பத்தில் எழுதியபடியே இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கேயாவது தேதி இடித்தால் மட்டும் அதைப் புதிய இடத்தில் முதலில் விளக்கிவிட்டு அப்புறம் இங்கே மறுங்கள். மறுத்த பிறகு முதல் இடத்துக்குத் திரும்பி வந்து “அந்த வேலை இன்னும் இருக்கிறதா?” என்று கேட்கும் போன் ஆண்டுக்கு ஒன்றிரண்டு எனக்கு வரும். அதற்கு நல்ல பதில் சொல்ல முடிந்ததே இல்லை.

கூடவே, முதல் இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டது ஆஃபர் லெட்டர் மட்டும்தானா, அல்லது பணி ஒப்பந்தமுமா என்று எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தம் என்றால், சேருவதற்கு முன் விலகுபவர் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கலாம். இருந்தால் மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டு, அதன்படி நடப்பதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும்போது தருவதாகச் சொன்ன முன்பணம் ஏதும் கைக்கு வந்திருந்தாலும், லேப்டாப் வீட்டுக்கு வந்திருந்தாலும், எப்போது, எப்படித் திருப்பித் தருகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்.

சரி, போனுக்கு வருவோம். மின்னஞ்சல் மட்டும் போதாதா என்று கேட்கிறீர்கள். உங்களை இரண்டு சுற்றுக்கு மேல் சந்தித்த ஒருவருக்கு, அதுவும் நீங்கள் ஒருமுறை சரி என்று சொன்ன பிறகு, மின்னஞ்சல் மட்டும் என்றால் ஓடி ஒளிவதாகவே தோன்றும். போன் எதற்கென்றால், ரெக்ரூட்டருக்கு உடனே கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: முடிவு இறுதியானதா, எங்கள் பக்கம் ஏதாவது கோளாறா? இதைப் போனில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். மின்னஞ்சலில் மூன்று நாள் இழுக்கும். மின்னஞ்சல் எதற்கென்றால், உங்கள் மறுப்பை எழுத்தில் காட்டினால்தான் அவர் அந்தப் பதவியை மறுபடியும் திறக்க முடியும். ஆகவே இரண்டும் வேண்டும், இந்த வரிசையில்.

அவர் எடுக்கவில்லை என்றால் ஒருமுறை மறுபடியும் முயலுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால், “வேலையில் சேருவது பற்றி இன்றே உங்களிடம் பேச வேண்டும்” என்று குறுஞ்செய்தி அனுப்பி, மாலைவரை பார்த்துவிட்டு மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். போனில் பேசியே தீர வேண்டும் என்று நாலு நாள் துரத்துவதும் தாமதம்தான்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்? முதல் மூன்று வாக்கியங்களுக்குள் மறுப்பு வந்துவிட வேண்டும். நலம் விசாரித்து, நேர்காணலைப் புகழ்ந்து, அந்த நிறுவனத்தின் பெருமையை எல்லாம் சொல்லி, ஐந்தாவது நிமிடத்தில் “ஆனால்” என்று இழுப்பவர்கள் உண்டு. கேட்பவருக்கு முதல் நிமிடமே விஷயம் புரிந்துவிடும். மீதி நான்கு நிமிடமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். இப்படித் தொடங்குங்கள்:

“வணக்கம் மேடம். ஒரு கஷ்டமான செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன், அதனால் உங்கள் நிறுவனத்தில் சேர முடியாது. ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டு மாற்றுகிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.”

அதோடு நிறுத்துங்கள். அடுத்து வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். பெரும்பாலும் எல்லாத் தவறும் இந்த மௌனத்தில்தான் நடக்கிறது. சங்கடம் தாங்காமல் ஆள் பேசத் தொடங்குகிறார். சம்பளத்தைச் சொல்கிறார், வீட்டுச் சூழலைச் சொல்கிறார், நேர்காணலில் ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறார். எதிரில் இருப்பவர் அதையெல்லாம் குறித்துக்கொள்கிறார்.

அவர் அடுத்துக் கேட்கப் போவது அநேகமாக இதுதான்: “எங்கள் பக்கம் ஏதாவது மாற்றினால் யோசிப்பீர்களா?” சம்பளத்தை உயர்த்தித் தரத் தயார் என்பதற்கான நாசூக்கான வாசல் இது. போன் செய்யும் முன்பே இதற்குப் பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் வேறிடத்தில் கையெழுத்திட்டவர், இப்போது “எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டால் ஒரே வாரத்தில் இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்த வார்த்தையை மாற்றுகிறவர் ஆவீர்கள். “நன்றி மேடம். ஆனால் முடிவு செய்துவிட்டேன், தொகையைப் பொறுத்த விஷயம் இல்லை” என்றால் போதும். தொகையைப் பொறுத்த விஷயமாகவே இருந்தால் கடைசிப் பாதியை விட்டுவிடுங்கள். பொய் சொல்லத் தேவையில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் உடனே மேலாளரிடம் போய், நிதிப் பிரிவில் ஒப்புதல் வாங்கி, இரண்டு நாள் கழித்து உயர்த்திய தொகையோடு வருவார். அப்போது மறுத்தால் முதல் மறுப்பைவிட அது மோசமாகப் படும். இரண்டாமவரைக் கூப்பிடும் நேரமும் அதற்குள் போயிருக்கும்.

காரணம் என்ன சொல்வது? உண்மையான காரணங்களில், அவர்கள் நிறுவனத்தைத் தொடாத ஒன்றை எடுத்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். “நான் போக நினைக்கும் துறைக்கு அந்த வேலை இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது” என்பது நல்ல வாக்கியம். “அங்கே பொறுப்பு கொஞ்சம் பெரிது” என்பதும் சரி. “தனிப்பட்ட காரணம்”, “வீட்டில் உடல்நலம் சரியில்லை” என்பவற்றை மட்டும் தொடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து லிங்க்ட்இனில் உங்கள் பெயருக்குக் கீழே புதிய நிறுவனத்தின் பெயர் வரும். ரெக்ரூட்டர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதே அங்கேதான். உடல்நலத்துக்காக விலகியவர் வேறிடத்தில் சேர்ந்த அறிவிப்பை நான் பார்த்து, வாழ்த்து என்று அழுத்தலாமா வேண்டாமா என்று யோசித்ததுண்டு.

எந்த நிறுவனம் என்று கேட்டால் சொல்வது உங்கள் விருப்பம். “சேர்ந்த பிறகு சொல்கிறேனே” என்றால் பண்பாகவே இருக்கும். சம்பளத் தொகையைக் கேட்டால் எனக்குத் தெரிந்தவரை சொல்லாமல் விடுவதே நல்லது. சந்தை நிலவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்றாலும், எண் வெளியே வந்ததும் பேச்சு மறுபடியும் பேரத்துக்குத் திரும்பிவிடும்.

உங்கள் ரெக்ரூட்டர் அந்த நிறுவனத்து ஊழியரா, அல்லது ஆட்களைத் தேடித் தரும் ஏஜென்சியைச் சேர்ந்தவரா என்பதை நீங்கள் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம். ஏஜென்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு, நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் கட்டணம். சேராவிட்டால் அவருடைய பல வார உழைப்புக்குக் காசு இல்லை. அதனால் அவர் கொஞ்சம் அழுத்திப் பேசலாம், “என் பெயர் கெட்டுவிடும்” என்றுகூடச் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், கோபப்படாதீர்கள், முடிவை மட்டும் மாற்றாதீர்கள். நிறுவனத்துக்கு அவர்தான் தெரிவிக்க வேண்டும், அதுதான் அவருடைய இடம். அவரைத் தாண்டி நேராக நிறுவனத்துக்கு எழுதினால், அவரோடு உறவைக் காப்பாற்ற நினைத்து அதையே முறிப்பீர்கள். மின்னஞ்சலில் “இதை நிறுவனத்துக்கு அப்படியே அனுப்பலாம்” என்று ஒரு வரி சேர்த்தால் அவர் வேலை சுலபமாகும். நிறுவனத்து ஊழியர்தான் என்றால் இந்தக் கவலை இல்லை.

மின்னஞ்சல் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. போனில் பேசியாகிவிட்டது, இது பதிவுக்காக. தலைப்பிலேயே பதவியின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். பத்துப் பேருக்கு ஆள் எடுப்பவர் அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

> வணக்கம்.
>
> சற்று முன் போனில் சொன்னபடி, நான் வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டிருப்பதால், 9 நாட்களுக்கு முன்பு சம்மதம் தெரிவித்த இந்தப் பணியில் சேர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இது இறுதி முடிவு. ஒப்புக்கொண்ட பிறகு மாற்றியதால் உங்களுக்கும் குழுவுக்கும் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> இரண்டாம் சுற்றுக்கு முன்பு குழுவின் வேலைமுறையை நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்கி விளக்கியது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்கு என் நன்றி.
>
> என் சான்றிதழ் நகல்களும் பின்னணிச் சரிபார்ப்புக்கான படிவமும் உங்களிடம் உள்ளன. சரிபார்ப்பை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி சொல்லும் அந்த வாக்கியத்தைப் பாருங்கள். “உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி” என்று எழுதினால் அது எல்லாருக்கும் எழுதுவது. இவர் உங்களுக்காகப் பாடுபட்டவர் என்று சொன்னீர்கள் அல்லவா, அதில் ஒரே ஒரு செயலை எடுத்துப் பெயர் சொல்லி எழுதுங்கள். நேர்காணல் தேதியை உங்களுக்காக மாற்றித் தந்தாரா, சம்பளப் பேச்சில் உங்கள் பக்கம் நின்றாரா, எதுவோ அது. அவருக்கு ஒரு மேலாளர் உண்டு, இந்த மின்னஞ்சல் அவருக்கும் போகும். ஆள் சேராமல் போன நாளில் தன் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத்தில் வருவது ரெக்ரூட்டருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லும் வரியும் ஒப்புக்காக எழுதியதில்லை. அது நடந்துகொண்டே இருந்தால், நீங்கள் விட்டு வருகிற இடத்துக்கு, நீங்கள் சேரவே போகாத நிறுவனத்தின் பெயரில் விசாரணை வந்து நிற்கும். உங்களைப் பற்றி நற்சொல் சொல்ல ஒப்புக்கொண்ட பழைய மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களை நேர்காணல் செய்த மேலாளருக்குத் தனியாக எழுதலாமா? அவரோடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேரில் பேசியிருந்தால், ரெக்ரூட்டரிடம் சொன்ன பிறகு மூன்று வரியில் எழுதுவது அழகு. முதலில் அவருக்கு எழுதிவிடாதீர்கள். ஆள் வரவில்லை என்பதை அந்த மேலாளர் வாயால் கேள்விப்படும் ரெக்ரூட்டரின் நிலைமை பரிதாபம். அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர் யாராவது உங்களைப் பரிந்துரைத்திருந்தால் அவருக்கு அன்றே, ரெக்ரூட்டரிடம் பேசி முடித்த கையோடு, போன் செய்யுங்கள். அவர் தன் பெயரை உங்களுக்காகக் கொடுத்தவர். மறுநாள் அலுவலகத்தில் “உங்கள் ஆள் வரவில்லையாமே” என்று யாராவது கேட்கும்போது அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

“வேறு நல்ல ஆள் இருந்தால் அனுப்புகிறேன்” என்று போனில் சொல்லத் தோன்றும். உண்மையிலேயே ஒரு பெயர் மனதில் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அது பெரிய உதவி. மனதில் பெயர் இல்லாமல் சும்மா சொல்வதை எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் அனுப்புவதில்லை. ரெக்ரூட்டருக்கும் அது தெரியும்.

அவர் பதில் சுருக்கமாக, சற்றுக் குளிர்ந்து வரலாம். “தகவலுக்கு நன்றி” என்ற இரண்டு சொல்லோடு முடிந்தால் கோபம் என்று எண்ணி இன்னொரு விளக்கம் எழுத வேண்டாம். அந்த நேரத்தில் அவர் இரண்டாமவரின் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார். தொடர்பைப் புதுப்பிக்க வேண்டும் என்றால், புதிய இடத்தில் சேர்ந்து சில மாதம் கழித்து லிங்க்ட்இனில் ஒரு வணக்கம் போதும். அதுவரை புதிய வேலையைப் பற்றிய அறிவிப்பையும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் முதல் நிறுவனத்தில் சேர்ந்திருக்க வேண்டிய தேதியிலேயே கேக் வெட்டும் படம் வருவதை யாரும் ரசிப்பதில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் மறுத்த பிறகும் ஒரு வாரம்வரை அந்த நிறுவனத்திலிருந்து “உங்களை வரவேற்கிறோம்”, “முதல் நாள் எங்கே வர வேண்டும்”, “வங்கிக் கணக்கு விவரத்தை நிரப்புங்கள்” என்றெல்லாம் மின்னஞ்சல் வரலாம். அவை தானாகப் போகிறவை. உங்கள் மறுப்பு போய்ச் சேரவில்லையோ என்று பதற வேண்டாம், எந்தப் படிவத்தையும் நிரப்பவும் வேண்டாம். இரண்டாவது ஒன்று வந்தால், அதை ரெக்ரூட்டருக்கே “இது இன்னும் வந்துகொண்டிருக்கிறது, உங்கள் கவனத்துக்கு” என்று அனுப்பிவிடுங்கள். உங்கள் பெயரில் லேப்டாப் ஒன்று கிளம்பிவிடாமல் அவர் பார்த்துக்கொள்வார்.